420 மீட்டர் ஊராட்சி சாலை ரிப்பேர்: ஷெட்யூல் அளவு இடத்துல ஒத்துவரலை, சதவீதம் எப்படி முடிவு பண்றது?

புதுப்புள்ளி

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஒரு ஊராட்சி சாலை ரிப்பேருக்கு டெண்டர் வந்திருக்கு. 420 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், பாதி தூரம் வாய்க்கால் கரையை ஒட்டியே போகுது. சதவீத டெண்டர், மதிப்பீட்டுக்கு மேல எத்தனை, கீழ எத்தனைன்னு ஒரே எண்தான் போடணும். முதல் தடவை தனியா போடுறேன்.

ஷெட்யூல்ல இருக்கிறது இவ்வளவுதான்:

பள்ளங்களுக்கு ஜல்லி போட்டு இறுக்கி நிரப்புதல், 9 கன மீட்டர்.
டேக் கோட், 1260 சதுர மீட்டர்.
20 மி.மீ பிரீமிக்ஸ் கார்பெட், 1260 சதுர மீட்டர்.
பி டைப் சீல் கோட், 1260 சதுர மீட்டர்.
சாலை ஓரத்து மண் பட்டையான பெர்முக்கு கிராவல், 63 கன மீட்டர்.

நேத்து டேப்போட போய் பள்ளங்களை அளந்தேன். 27 பள்ளம். ஒவ்வொண்ணுக்கும் நீளம், அகலம், ஆழம் எடுத்து பெருக்கினா மொத்தம் 5.1 கன மீட்டர்தான் வருது. அவங்க 9 போட்டிருக்காங்க. யார் கணக்கு தப்பு? ஜல்லி எத்தனை யூனிட் சொல்லணும்? சதவீதம் எதை வச்சு முடிவு பண்றது?

சதவீதம்

ஷெட்யூல்ல கூட இருந்தா நல்லதுதானே தம்பி. 9-க்கு பில் போடலாம், செலவு 5-க்குத்தான் ஆகும். தைரியமா 8 சதவீதம் கம்மியா போட்டு வேலையை எடுங்க. மத்த அயிட்டம் எல்லாம் நீளம் இன்டு அகலம், அதுல தப்பு ஒண்ணுமில்லை.

மஞ்சள்_டேப்

இதைப் படிச்சுட்டு யாரும் அப்படியே டெண்டர் போட்டுடக் கூடாது. ஷெட்யூல்ல இருக்கிற 9 ஒரு உத்தேசம். பில் போறது எம்புக்ல, அதான் ஆபீஸோட அளவுப் புத்தகத்துல, ஏறுற அளவுக்கு. 5 கன மீட்டர் நிரப்பினா 5-க்குத்தான் பணம். மீதி நாலு கிடைக்கும்னு நம்பி 8 சதவீதம் குறைச்சா, அந்தக் குறைப்பு மத்த நாலு அயிட்டத்திலயும் சேர்ந்து விழும். சதவீத டெண்டர்ல ஒரு அயிட்டத்தை மட்டும் குறைக்க வழியே கிடையாது.

புதுப்புள்ளி, ஒரு பள்ளத்தோட அளவை மட்டும் அப்படியே போடுங்க. ஆழத்தை எங்க எடுத்தீங்க?

புதுப்புள்ளி

பெரிய பள்ளம் ஒண்ணு: நீளம் 1.40, அகலம் 0.90, ஆழம் நடுவுல 11 செ.மீ. 0.139 கன மீட்டர். எல்லாத்துக்கும் நடு ஆழம்தான் எடுத்திருக்கேன்.

வெண்ணாறு_சிவில்

ரெண்டு தப்பு இருக்கு தம்பி. ஒண்ணு கூட்டுது, ஒண்ணு குறைக்குது, அதனாலதான் வெளியே தெரியலை.

நடு ஆழத்தை முழுப் பரப்புக்கும் பெருக்கினா அளவு ஏறும், ஏன்னா பள்ளம் சட்டி மாதிரி இருக்கும், ஓரத்துல ஆழம் கிடையாது. ஆனா நீங்க அளந்தது கண்ணுக்குத் தெரியிற பள்ளத்தை. வேலை செய்யிறப்ப பள்ளம் அப்படி இருக்காது. விளிம்புல தார் தூக்கிக்கிட்டு, அடியில ஜல்லி கழண்டு நிக்கும். கடப்பாறையால தட்டினா டொக்குன்னு சத்தம் வர்ற இடம் வரைக்கும் வெட்டி எடுக்கணும். சத்தம் கெட்டியா மாறுற இடத்துல நேர் கோடு போட்டு சதுரமா, சுவர் செங்குத்தா நிக்கிற மாதிரி வெட்டணும். சரிவா விட்டா ஓரத்துல போடுற ஜல்லி ஒரு கல் கனத்துக்கு மெலிஞ்சுபோய், முதல் மழையில அங்கதான் பிரியும்.

உங்க பள்ளத்தையே எடுத்துக்குங்க. சுத்தி 10 செ.மீ வெட்டினா 1.60-க்கு 1.10. கழண்டதை வாரி எடுத்த பிறகு நீள வாக்குல ஒரு நேர் சட்டத்தைப் போட்டு, நாலு மூலைக்கிட்டயும் நடுவுலயும் ஆழம் எடுங்க. 7, 9, 12, 9, 8-ன்னு வந்தா சராசரி 9 செ.மீ. எம்புக்ல இப்படி ஏறும்:

```
பள்ளம் எண் 14   1 × 1.60 × 1.10 × 0.09 = 0.16 க.மீ
```

உங்க 0.139 எங்க, இது எங்க. ஏழுல ஒரு பங்கு கூடுது. 27-க்கும் இதே போக்குன்னா உங்க 5.1 கிட்டத்தட்ட 6-க்குப் போகும். 9-க்குப் போகாது. அவங்க 90 சதுர மீட்டரை 10 செ.மீ ஆழத்தால மொத்தமா பெருக்கியிருக்கலாம், சின்ன வேலைக்கு அப்படித்தான் பண்ணுவாங்க. ஆக பள்ளத்துல உங்களுக்கு ஆபத்து இல்லை.

வேற இடத்துல இருக்கு. சாலையோட அகலத்தை அளந்தீங்களா?

கிராவல்_டிப்பர்

ஜல்லிக்கு நான் சொல்றேன். 9 கன மீட்டர்னா மூணே கால் யூனிட்டு. ஒரு யூனிட்டு 100 கன அடி, 2.83 கன மீட்டர். நம்ம ஜில்லாவுல கல்லே கிடையாது, எல்லாம் புதுக்கோட்டை பக்கத்துலேர்ந்துதான் வருது, வாடகைதான் விலை. இப்ப கிரஷர்ல டன் கணக்குலதான் போடுறாங்க, யூனிட்டுக்கு நாலுலேர்ந்து நாலரை டன்னு வச்சுக்குங்க.

மஞ்சள்_டேப்

யூனிட் கணக்கு சரி அண்ணே, ஆனா ஷெட்யூல்ல இருக்கிறது இறுகின அளவு, லாரியில வர்றது லூஸ். 75 மி.மீ இறுகின ஜல்லிக்கு 10 சதுர மீட்டருக்கு 0.91-லேர்ந்து 1.07 கன மீட்டர் லூஸ் ஜல்லி வேணும்னு மத்திய அரசு சாலை ஸ்பெசிபிகேஷன்லயே இருக்கு. இறுகினா அது 0.75 தான். சராசரியா 1.32 மடங்கு. 9 கன மீட்டருக்கு 11.9 கன மீட்டர் ஜல்லி, அதாவது 4.2 யூனிட். மூணே கால் சொல்லி இறக்கினா முக்கால்வாசி பள்ளத்தோட வேலை நின்னுடும். ஒரு யூனிட்டுக்காக மறுபடி புதுக்கோட்டையிலேர்ந்து டிப்பர் வரணும்.

கிராவல்_டிப்பர்

அது சரி. நான் இறக்கிற கணக்கைச் சொன்னேன், ரோலர் ஓட்டின பிறகு எவ்வளவுன்னு நான் பார்க்கிறதில்லை. இன்னொண்ணு கேளுங்க. அந்தப் பக்கம் போற வழியில வாய்க்கால் மதகு மேல குறுகலான சட்ரஸ் பாலம் எதாவது இருக்கா? இருந்தா டிப்பர் உள்ளே போகாது. மெயின் ரோட்டுல கொட்டி, டிராக்டர்ல ரெண்டாவது தடவை ஏத்தி இறக்கணும். அந்தக் கூலி எஸ்டிமேட்ல இருக்கவே இருக்காது.

புதுப்புள்ளி

சட்ரஸ் இருக்கு அண்ணே. சாலை ஆரம்பத்துக்கு முக்கால் கிலோமீட்டர் முன்னாடியே. அதை நான் யோசிக்கவே இல்லை.

அகலம் அளக்கலை சார். எஸ்டிமேட்ல 3 மீட்டர்னு இருக்கேன்னு விட்டுட்டேன்.

கடைமடை

எம்புக்ல எப்படி ஏத்துறதுன்னுதானே கேள்வி? எனக்கு நடந்ததைச் சொல்றேன். போன வருஷம் இதே மாதிரி ஒரு வேலை. மழைக்கு முன்னாடி முடிக்கணும்னு பள்ளம் நிரப்பி அன்னிக்கே பிரீமிக்ஸ் ஓட்டிட்டோம். அளவெடுக்க வர்றேன்னவர் வரலை. மேல தார் போட்டாச்சு, அடியில எத்தனை பள்ளம் இருந்துச்சுன்னு எப்படிக் காட்டுறது? ஆபீஸ்ல "கண்ணுக்குத் தெரியாததை நான் எப்படி எழுதுறது"ன்னு சொல்லி பள்ளத்துக்குப் பாதிதான் ஏத்துனாங்க. அவங்க சொன்னதுல தப்புன்னும் சொல்ல முடியலை. அதனால போட்டோ எடுத்து வைங்க.

மஞ்சள்_டேப்

அண்ணே, தம்பி கேட்டது டெண்டருக்கு முன்னாடி உள்ள கணக்கு. ஆனா நீங்க சொன்னது அவருக்குப் பின்னாடி கண்டிப்பா வேணும். வெறும் போட்டோ போதாது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஓரத்துல பெயிண்ட்ல எண் எழுதி, சாலை ஆரம்பத்துலேர்ந்து எத்தனையாவது மீட்டர், இடதா வலதான்னு குறிச்சு, வெட்டி வாரின பிறகு, நிரப்புறதுக்கு முன்னாடி அளவெடுத்து ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கணும். டேப்பு பள்ளத்துல கிடக்கிற மாதிரி படம், எண்ணும் படத்துல தெரியணும். ஆழத்தை 5 மி.மீ வரைக்கும், நீள அகலத்தை ஒரு செ.மீ வரைக்கும் எடுத்தா போதும். அதுக்கு மேல நுணுக்கமா எழுதினா சூப்பர் செக்குக்கு வர்ற மேலதிகாரிக்கு நம்பிக்கை குறையத்தான் செய்யும்.

வளைவு இருந்தா நீளத்தை நடுக் கோட்டுல அளக்கணும். வளைவோட உள் ஓரத்துல டேப்பை இழுத்தா குறையும், வெளி ஓரத்துல இழுத்தா கூடும்.

வெண்ணாறு_சிவில்

புதுப்புள்ளி, முதல்ல அகலம். எஸ்டிமேட் எப்ப போட்டதுன்னு பாருங்க. சித்திரை, வைகாசியில போட்டிருந்தா அப்ப வயல் காஞ்சு கிடந்திருக்கும். அதுக்கப்புறம் வாய்க்கால்ல தண்ணி வந்து, சேறடிக்க டிராக்டர் இரும்புச் சக்கரத்தோட அந்தச் சாலையில போய் வந்திருக்கும். இரும்புச் சக்கரம் ஏறி இறங்கினா தார் ஓரம் பிஸ்கட் மாதிரி உடையும். வாய்க்கால் பக்கம் ஈரம் ஏறி மண் இளகினதும் உடைஞ்ச ஓரம் சரிஞ்சு போயிடும். எஸ்டிமேட் போட்டவர் ஏமாத்தலை, அவர் பார்த்த சாலையே இப்ப இல்லை.

20 மீட்டருக்கு ஒரு தடவை, 0-லேர்ந்து 420 வரைக்கும் 22 இடத்துல அகலம் எடுங்க. கெட்டியா நிக்கிற தார் ஓரத்துலேர்ந்து எதிர் ஓரம் வரைக்கும். கால் வச்சு அழுத்தினா அசையிற துண்டைக் கணக்குல சேர்க்காதீங்க.

கூடவே ஒரு 3 மீட்டர் அலுமினிய ரூல்தடி எடுத்துப் போங்க. பள்ளம் இல்லாத இடமா பத்து இடத்துல சாலை நீளத்துக்குப் போட்டு, அடியில எத்தனை மி.மீ இடைவெளி விழுதுன்னு பாருங்க. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

புதுப்புள்ளி

காலையில போய் எடுத்துட்டு வந்தேன். எஸ்டிமேட் மே மாசத் தேதி.

0-லேர்ந்து 140 வரைக்கும் எட்டு இடம், ஏறக்குறைய எல்லாமே 2.95.
160-லேர்ந்து 360 வரைக்கும் பதினொரு இடம், 2.40-லேர்ந்து 2.60, சராசரி 2.50. இது முழுக்க வாய்க்கால் கரை.
380, 400, 420-ல 2.90.

மொத்த சராசரி 2.72. ரூல்தடி வச்ச பத்து இடத்துல ஆழமான இடம் 8, 10 மி.மீ. சமமா இருக்கிற இடத்தையும் சேர்த்துப் பார்த்தா சராசரியா 5 மி.மீ அளவுக்கு இடைவெளி.

சதவீதம்

அப்ப பிரீமிக்ஸ் 420 இன்டு 2.72, 1142 சதுர மீட்டர்தான். 118 சதுர மீட்டர் தாரும் ஜல்லியும் மிச்சம். நான் சொன்னது சரியாத்தானே வருது?

வெண்ணாறு_சிவில்

அந்த 2.72-ஐ மறந்துடுங்க. சராசரி இங்க விஷயத்தை மறைக்குது. ரெண்டு முனையிலயும் 5, 10 செ.மீ தேய்மானம், அது பரவாயில்லை. நடுவுல 200 மீட்டர் நீளத்துக்கு ஒரே பக்கம் அரை மீட்டர் சாலையே இல்லை. அங்கதான் உங்க லாபமோ நஷ்டமோ உட்கார்ந்திருக்கு.

ஷெட்யூல் 3 மீட்டர் அகலத்துக்கு பிரீமிக்ஸ் கேக்குது. அந்த அரை மீட்டர்ல அடியில வெறும் களிமண். மண்ணு மேல 20 மி.மீ கார்பெட் ஓட்டினா அறுவடை மெஷின் ஒரு தடவை ஏறினா போயிடும், பராமரிப்புக் காலத்துல நீங்கதான் மறுபடி போடணும். போடாம 2.50-லயே நிறுத்தினா, "3 மீட்டருக்கு ஏன் போடலை"ன்னு கேப்பாங்க. சரியா செய்யணும்னா ஓரத்தைக் கட்டணும். அதுக்கு ஷெட்யூல்ல அயிட்டமே இல்லை.

கணக்கு போட்டுப் பாருங்க. உடைஞ்ச ஓரத்தை 10 செ.மீ உள்ளே நேர் கோட்டுல வெட்டினா 60 செ.மீ அகலம் கிடைக்கும். 200 மீட்டருக்கு 120 சதுர மீட்டர். 75, 75-ன்னு ரெண்டு அடுக்கு ஜல்லி, 15 செ.மீ கனம்: 18 கன மீட்டர். மொத்தப் பள்ளத்துக்கும் போட்டிருக்கிற 9-ஐப் போல ரெண்டு மடங்கு. லூஸ் ஜல்லியா 23.8 கன மீட்டர், எட்டரை யூனிட் கிட்ட. அதோட 15 செ.மீ மண் வெட்டி அப்புறப்படுத்துறது, அதுவும் ஷெட்யூல்ல இல்லை.

60 செ.மீ பட்டையில பெரிய ரோலர் வேலை செய்யாது. உருளையோட ஒரு பக்கம் பழைய தார் மேல ஏறி நிக்கும், புது ஜல்லியைத் தொடவே தொடாது. மேலோட்டமா பார்த்தா ரோலர் ஓடின மாதிரி இருக்கும், மாட்டு வண்டி சக்கரம் பட்டா அமுங்கும். அங்க பிளேட் கம்பாக்டர், இல்லைன்னா சின்ன வைப்ரோ ரோலர் வாடகைக்கு எடுக்கணும்.

கிராவல்_டிப்பர்

வாய்க்கால் ஓடுறப்ப 15 செ.மீ வெட்டினா கசிவு வந்துடும் சார். களியில ஜல்லி போட்டா முழுகிடும், போட்டுக்கிட்டே இருக்கணும். முதல்ல கிராவல் போட்டு அமுக்கிட்டுத்தான் ஜல்லி.

வெண்ணாறு_சிவில்

சரியாச் சொன்னீங்க. 10 செ.மீ கிராவல்னா 120 சதுர மீட்டருக்கு 12 கன மீட்டர். ஆனா அப்ப வெட்டுற ஆழம் 25 செ.மீ ஆகும், கசிவு இன்னும் கூடும். தண்ணி முறை வச்சு விடுற வாய்க்கால்னா, அடைச்சிருக்கிற நாளாப் பார்த்து அந்த 200 மீட்டரை முடிக்கணும். கசிவு நிக்கலைன்னா அந்த ஓரத்தைத் தொடாம இருக்கிறதே நல்லது.

மஞ்சள்_டேப்

ஒரு யோசனை. பள்ளத்துக்கு 9 இருக்கு, 6 தான் ஆகும். மீதி 3 கன மீட்டரை ஓரத்துக்குப் பயன்படுத்தலாம். ஜல்லி ஒண்ணுதான், செய்முறை ஒண்ணுதான். ஓர உடைசலும் ஒரு வகைப் பள்ளம்தானேன்னு அதே அயிட்டத்துல ஏத்துறதைப் பார்த்திருக்கேன்.

வெண்ணாறு_சிவில்

எனக்கு அதுல உடன்பாடு இல்லை. அயிட்டத்தோட விவரிப்புல "பள்ளங்களை"ன்னு இருக்கு. சூப்பர் செக் வர்றவர் 160-லேர்ந்து 360 வரைக்கும் ஒரே நீளமா 0.60 அகலத்துக்கு எம்புக்ல பார்த்தா, இது பள்ளமா, அகலப்படுத்துறதான்னு கேப்பார். அப்ப சிக்கறது ஏத்தினவர், காசு நிக்கிறது கான்ட்ராக்டருக்கு. மூணு கன மீட்டருக்கே இப்படின்னா மீதி பதினஞ்சை எங்க கொண்டு போறது?

மஞ்சள்_டேப்

விவரிப்புல வேற என்ன வார்த்தை இருக்குன்னு முழுசாப் பார்க்கணும் சார். "பள்ளங்கள் மற்றும் சேதமடைந்த பகுதிகள்"னு இருந்தா நான் சொன்னது நிக்கும். எல்லா இடத்துலயும் ஒரே வார்த்தை போடுறதில்லை.

சதவீதம்

அளவு கூடினா என்ன? 25 சதவீதம் வரைக்கும் அதே ரேட், அதுக்கு மேல புது ரேட்னு எல்லா டெண்டர்லயும் இருக்கே. எக்ஸ்ட்ரா அயிட்டமா கேட்டு வாங்கிக்கலாம்.

வெண்ணாறு_சிவில்

எல்லா டெண்டர்லயும் இல்லை. பெரிய வேலைகள்ல அப்படி ஒரு நிபந்தனை இருக்கும். ஊராட்சியோட சின்ன வேலையில பல சமயம் "ஒப்புதல் அளிக்கப்பட்ட மதிப்பீட்டுத் தொகைக்கு மிகாமல்"னு ஒரே வரி இருக்கும். அந்த வரி இருந்தா, கூடுதல் அளவு உண்மையாவே ஆனாலும், திருத்திய மதிப்பீட்டுக்கு ஒப்புதல் வராம பணம் வராது. புதுப்புள்ளி, சதவீதத்தைத் தொடுறதுக்கு முன்னாடி டெண்டர் ஆவணத்துல இந்த மூணை மட்டும் தேடிப் படிங்க: அளவு மாறினா என்னங்கிற நிபந்தனை, பராமரிப்புக் காலம் எவ்வளவு, 18 சதவீத ஜி.எஸ்.டி. மதிப்பீட்டுச் சுருக்கமான அப்ஸ்ட்ராக்ட்ல தனியா இருக்கா இல்லை ரேட்டுக்குள்ள அடங்கினதா.

ரூல்தடி விஷயத்துக்கு வர்றேன். பிரீமிக்ஸுக்குப் பணம் சதுர மீட்டருக்கு. 20 மி.மீ கார்பெட்டுக்கு 10 சதுர மீட்டருக்கு ஜல்லி 0.27 கன மீட்டர், தார் 14.6 கிலோ. 1260-க்கு 34 கன மீட்டர் ஜல்லி, 1840 கிலோ தார். பி டைப் சீல் கோட்டுக்கு 10 சதுர மீட்டருக்கு 6.8 கிலோ, அது 857 கிலோ. ஆக 2.7 டன், டிரம்முக்கு 155 கிலோன்னு வச்சா 17-க்கு மேல, 18 டிரம்னு வைங்க. டேக் கோட் எமல்ஷன் தனி.

இது சமமான தளத்துக்கு. உங்க சாலையில சராசரி 5 மி.மீ குழி இருக்கு. கலவை அதை நிரப்பிட்டுத்தான் மேல 20 நிக்கும். 20-க்கு 5, நாலுல ஒரு பங்கு. எட்டரை கன மீட்டர் ஜல்லி, மூணு டிரம் தார் கூடுதலாப் போகும். ஆனா எம்புக்ல ஒரு சதுர மீட்டர் கூட அதிகமா ஏறாது. நிறைய பேர் "தார் கணக்கு எங்கயோ கசிஞ்சுடுச்சு"ன்னு சொல்றது இதைத்தான். டிரம் திருடு போகலை, குழிக்குள்ள போயிருக்கு. இது தெரியாம மெலிசா இழுத்தா மேட்டுல 12, 13 மி.மீதான் நிக்கும், அங்க ஜல்லி உதிர ஆரம்பிக்கும்.

புதுப்புள்ளி

தலை சுத்துது சார், ஆனா புரியுது. ஒரு சந்தேகம். பள்ளத்துல ஜல்லி போட்ட பிறகு நேரா டேக் கோட் அடிச்சா போதுமா? ஷெட்யூல்ல பிரைம் கோட்டே இல்லை.

சதவீதம்

டேக் கோட்டையே கொஞ்சம் கெட்டியா அடிங்க, போதும்.

வெண்ணாறு_சிவில்

போதாது. டேக் கோட் பழைய தாரோட புது தார் ஒட்டறதுக்கு, சதுர மீட்டருக்கு கால் கிலோ அளவு. ஜல்லித் தளத்துல அது மேலயே உறைஞ்சு நிக்கும், உள்ளே இறங்காது. பிரைம் கோட் மெதுவா இறங்கிற எமல்ஷன், 0.7-லேர்ந்து 1 கிலோ, ஒரு நாள் விட்டுத்தான் மேல வேலை. கெட்டியா டேக் அடிச்சா வெயில்ல மேல கசிஞ்சு வழுக்கும். பள்ளப் பரப்பு சின்னதுதான், உங்க செலவுலயே அடிச்சாலும் பெரிய தொகை இல்லை. ஓரத்து 120 சதுர மீட்டரும் சேர்ந்தா கேட்டு வாங்க வேண்டியதுதான். கடிதத்துல சேர்த்துடுங்க.

கடிதம்னு சொன்னது, டெண்டர் திறக்கிறதுக்கு முன்னாடி விளக்கம் கேட்டு எழுதுறது. கடைசித் தேதி ஆவணத்துல இருக்கும். கேள்வி சுருக்கமா இருக்கணும்: "160 முதல் 360 மீட்டர் வரை தற்போதைய தார்த்தள அகலம் சராசரி 2.50 மீட்டர். 3 மீட்டருக்கு கார்பெட் இடும் முன் ஓரம் கட்டும் பணிக்கும் பிரைம் கோட்டுக்கும் ஷெட்யூலில் அயிட்டம் இல்லை. இப்பகுதியில் கார்பெட் எந்த அகலத்துக்கு?" 22 அளவையும் கூட இணைங்க. குற்றம் சொல்ற தொனி வேண்டாம், மே மாசத்துக்கப்புறம் உடைஞ்சதுன்னு ஒரு வரி போட்டா அவங்களும் சுலபமா திருத்துவாங்க. பதில் எல்லா டெண்டர்தாரருக்கும் போகும். மத்தவங்களும் விழிச்சுக்குவாங்களேன்னு நினைக்காதீங்க, அவங்க விழிக்காம 8 சதவீதம் கம்மியா போட்டா உங்களுக்கு வேலை கிடைக்காது.

கடைமடை

கிராவல் 63-ஐ யாரும் பார்க்கலையே. வாய்க்கால் கரையில பெர்முக்கு இடம் எங்க இருக்கு?

புதுப்புள்ளி

நல்ல கேள்வி அண்ணே. 63-ங்கிறது ரெண்டு பக்கமும் 0.75 அகலம், 10 செ.மீ கனம். வாய்க்கால் பக்கம் நான் பார்த்தவரைக்கும் 30 செ.மீக்கு மேல இடம் இல்லை, அதுக்கப்புறம் சரிவு. அப்ப வயல் பக்கம் 31.5, எதிர்ப் பக்கம் வாய்க்கால் ஒட்டின 200 மீட்டருக்கு 6, மீதி 220 மீட்டருக்கு 16.5, மொத்தம் 54 தான் ஆகும். இதுவும் குறையுது.

மஞ்சள்_டேப்

கிராவல் அயிட்டம் குறையறது உங்களுக்குச் சேதம். கிராவல்ல ரேட் தாராளமா இருக்கும், பிரீமிக்ஸ்ல இறுக்கமா இருக்கும். தாராளமானது குறைஞ்சு இறுக்கமானது அப்படியே நின்னா, அதே சதவீதத்துல லாபம் இளைக்கும். வயல் பக்கமும் வரப்பை சாலை வரைக்கும் இழுத்திருந்தா 0.75 கிடைக்குமான்னு பாருங்க.

கிராவல்_டிப்பர்

கிராவல் ரேட் தாராளம்னு யார் சொன்னது சார்? இப்ப கிராவலுக்கு பர்மிட்டோட வண்டி கிடைக்கிறதே கஷ்டம். அது ரெண்டு வருஷத்துக்கு முந்தின கதை. லீட் ஸ்டேட்மென்ட்ல எந்த ஊர் குவாரி, எத்தனை கிலோமீட்டர்னு போட்டிருக்காங்க, அங்க இப்ப எடுக்கிறாங்களான்னு விசாரிங்க. குவாரி மூடியிருந்தா அந்த ரேட்டு வெறும் காகிதம்.

புதுப்புள்ளி

லீட் ஸ்டேட்மென்ட் டெண்டர் ஆவணத்துல இல்லை. ஆபீஸ்ல எஸ்டிமேட் பார்க்கணும்னு கேக்கப் போறேன்.

இன்னிக்குக் கடிதம் கொடுத்துட்டு வந்தேன். கொடுத்ததுக்கு நகல்ல முத்திரை வாங்கிட்டேன். அங்க இருந்தவர், "இருக்கிற அகலத்துக்கே போட்டுடுங்க, பார்த்துக்கலாம்"னு வாய்மொழியா சொன்னார். அப்படின்னா நடு 200 மீட்டர்ல 100 சதுர மீட்டர் கார்பெட் குறையும், ஓரம் கட்ட வேண்டாம். இதை நம்பி சதவீதம் போடலாமா?

வெண்ணாறு_சிவில்

எழுத்துல வராத வரைக்கும் ரெண்டு கணக்கு வைங்க. முதல் கணக்கு, ஓரம் கட்டாம 1160 சதுர மீட்டர், குழிக்குப் போற நாலுல ஒரு பங்கு கலவை, சட்ரஸ் தாண்டி டிராக்டர் கூலி, கிராவல் 54, பள்ளம் 6. ரெண்டாவது, 1260 முழுசும், ஓரத்துக்கு 18 கன மீட்டர் ஜல்லி, 12 கன மீட்டர் கிராவல், மண் வெட்டு, 120 சதுர மீட்டருக்கு பிரைம், பிளேட் கம்பாக்டர், ஓரத்துக்கு ஒரு ரூபாயும் வராதுன்னு வச்சு. ரெண்டையும் அந்தந்தக் கணக்குல பில் ஆகிற தொகையோட ஒப்பிட்டா ரெண்டு சதவீதம் வரும். எழுத்துல பதில் வந்தா முதலாவது. வரலைன்னா ரெண்டாவதைத் தாங்க முடியுமான்னு பார்த்துட்டு போடுங்க, முடியலைன்னா இந்த வேலையை விட்டுடுங்க.

மஞ்சள்_டேப்

நான் ரெண்டுக்கும் நடுவுல போடுவேன் சார். அகலம் குறைஞ்ச இடத்துல ஓரம் கட்டச் சொல்லி, ஷெட்யூல்ல இல்லாத வேலையை எழுத்துல உத்தரவிடாம வாங்க முடியாது. உத்தரவு வந்தா அது எக்ஸ்ட்ரா அயிட்டம்.

வெண்ணாறு_சிவில்

உத்தரவு வரும், தொகைக்கு மிகாமல்ங்கிற வரியும் கூடவே இருக்கும். அந்த நிபந்தனையோட சரியான வார்த்தையைப் புதுப்புள்ளி இன்னும் இங்க போடலை.

புதுப்புள்ளி

ஆவணத்துல 14-வது பக்கம் இருக்கு சார், அப்படியே எழுதுறேன்: "பணியின் அளவுகள் மாறுதலுக்கு உட்பட்டவை. மொத்தத் தொகை நிர்வாக அனுமதித் தொகையை மிஞ்சக் கூடாது." 25 சதவீதம்னு எங்கயும் இல்லை. பராமரிப்புக் காலம் ஒரு வருஷம். ஜி.எஸ்.டி. அப்ஸ்ட்ராக்ட்ல தனி வரியா இருக்கு.

அயிட்டம் விவரிப்பும் பார்த்தேன். "பள்ளங்களை" மட்டும்தான், "சேதமடைந்த பகுதிகள்" இல்லை. டெண்டர் திறக்க இன்னும் ஆறு நாள் இருக்கு. நாளைக்கு வயல் பக்க பெர்மை 20 மீட்டருக்கு ஒரு தடவை அளந்துட்டு, ரெண்டு கணக்கையும் போட்டுக் கொண்டு வர்றேன்.